செல்லப்பிராணியின் போட்டோவை ஓவியமாக்கும் பிராம்ப்ட்: அடையாளமும் முகபாவமும் மாறாமல் இருக்க. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டோவையே கொடுத்துவிட்டேனே, அதற்கு மேல் எழுத்தில் எதற்கு விவரம்?

ஏஐ உங்கள் போட்டோவின் மேல் வண்ணம் பூசுவதில்லை. அதைப் பார்த்துவிட்டுப் புதிதாக ஒரு படம் வரைகிறது. "நீர்வண்ண ஓவியமாக மாற்று" என்று ஒரே வரியில் கேட்டால், எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்ற முடிவை அதனிடமே விட்டுவிடுகிறீர்கள். அது இதுவரை பார்த்துப் பழகிய நாய்களின் பொதுவான முகம் எதுவோ, அந்தப் பக்கமாகவே இழுக்கும். கோணலான நெற்றிக் கோடு நேராகும். மடிந்த காது நிமிரும். மூக்கின் மேல் இருக்கும் சின்னக் கறுப்புப் புள்ளியை அழுக்கு என்று நினைத்ததுபோலத் துடைத்துவிடும்.

உங்கள் நாயை மற்ற நாய்களிலிருந்து பிரித்துக் காட்டுவது எதுவோ, அதுதான் பொதுவில் அரிது. அதனால்தான் அது முதலில் காணாமல் போகிறது. எழுத்தில் சொன்னால், அது தற்செயலான கறை இல்லை, வேண்டுமென்றே வைக்க வேண்டிய அடையாளம் என்பது தெளிவாகும்.

இருக்கிற போட்டோக்களில் எதை எடுப்பது?

அழகான போட்டோ வேறு, இந்த வேலைக்கு உதவும் போட்டோ வேறு. கண் இரண்டும் கூர்மையாகத் தெரிய வேண்டும். நாயின் கண் மட்டத்துக்குக் குனிந்து, ஜன்னல் பக்கமாக முகம் திரும்பியிருக்கும்போது எடுத்தது நல்லது. ஃப்ளாஷ் போட்டால் கண் பச்சையாக மின்னும். கண்ணின் உண்மையான நிறம் போய்விடும்.

போனை முகத்துக்கு நேரே நீட்டி எடுத்த படத்தில் மூக்கு பெருத்து, காது சிறுத்திருக்கும். போட்டோவில் அது வேடிக்கை. ஓவியமாக்கும்போது அந்தப் பெரிய மூக்கையே நாயின் உண்மையான முக அமைப்பு என்று எடுத்துக்கொள்ளும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கறுப்பு நாய், கறுப்புப் பூனை என்றால் திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டி எடுங்கள். பின்னணி வெளுத்துப் போனாலும் பரவாயில்லை.

முன்பக்க கேமராவில் எடுத்தது என்றால், இடம் வலம் மாறிச் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில போன்கள் அப்படிச் செய்யும்.

அடையாளங்களை எப்படி எழுதுவது? "பழுப்பு நாய், நெற்றியில் வெள்ளை" என்று எழுதினேன், போதவில்லை.

நிறத்தை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். ஒவ்வொரு அடையாளத்துக்கும் நான்கு விஷயம் வேண்டும்: எங்கே தொடங்குகிறது, என்ன வடிவம், எங்கே முடிகிறது, ஓரம் கூர்மையா மங்கலா. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. மணி என்று ஒரு நாட்டு நாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்பழுப்பு உடம்பு, கறுத்த மோவாய், நெற்றியில் வெள்ளைக் கோடு. "நெற்றியில் வெள்ளைக் கோடு" என்று மட்டும் எழுதினால், உச்சந்தலையிலிருந்து மூக்கு வரை அகலமான நேர்ப்பட்டை ஒன்று வந்து நிற்கும். மணியின் கோடு அப்படி இல்லை. கண்களுக்கு நடுவில் நூலாகத் தொடங்குகிறது. கீழே இறங்க இறங்க அகன்று, பார்ப்பவரின் வலப்பக்கம் சாய்ந்து, மூக்குக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றுவிடுகிறது. மேல் பக்கம் ஓரம் கூர்மை. கீழே பழுப்போடு கலந்து மங்குகிறது. இப்படியே எழுத வேண்டும். நீளமாக இருக்கிறதே என்று சுருக்க வேண்டாம்.

அடுத்து காது. மணியின் ஒரு காதின் நுனியில் சின்ன வெட்டு இருக்கிறது. கருத்தடை செய்யப்பட்ட தெருநாய்க்கு அடையாளமாக வைக்கும் வெட்டு அது. தெருவிலிருந்து வீட்டுக்கு வந்த பல நாய்களுக்கு இது இருக்கும். ஏஐ இதைக் குறை என்று எடுத்துக்கொண்டு காதை முழுசாக்கிவிடும். "காதில் வெட்டு இருக்கிறது, அதைச் சரிசெய்யாதே" என்று எழுதியே ஆக வேண்டும். கிழிந்த காது, ஒரு கண்ணில் படர்ந்த வெண்மை, வயதான நாயின் நரைத்த மோவாய் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

எத்தனை அடையாளம் எழுதலாம் என்றால், முகத்தில் இருப்பவற்றில் முக்கியமான நான்கைந்து. அந்த நாயைத் தெரிந்தவர் ஒருவர், எது இல்லை என்றால் "இது நம்ம நாய் இல்லையே" என்பாரோ, அவை மட்டும். எல்லாவற்றையும் எழுதினால் எதற்கும் அழுத்தம் இருக்காது.

இடது காதில் இருக்கிற வெட்டு வலது காதுக்குப் போய்விடுகிறது. எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

"இடது" என்றால் யாருடைய இடது? நாயின் இடதா, பார்க்கிற நம் இடதா? நாய் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் இரண்டும் எதிரெதிர். இந்த மாடல்கள் இதில் நிறையவே தடுமாறும். அதனால் நாயின் இடம் வலத்தை விட்டுவிட்டு, படத்தின் இடம் வலத்தைச் சொல்லுங்கள்: "படத்தின் இடது ஓரத்துக்கு அருகில் இருக்கும் காது".

அதைவிட உறுதியான வழி, ஓர் அடையாளத்தை இன்னொன்றோடு கட்டிவிடுவது. "வெட்டு இருக்கும் காதுப் பக்கத்தில் கண்ணுக்கு மேல் கறுப்புப் புள்ளி, வெள்ளைக் கோடு அதற்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது." இப்படி எழுதினால் ஒன்றை மாற்ற வேண்டுமானால் மூன்றையும் மாற்ற வேண்டியிருக்கும். அப்படியே முழுப் படமும் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பி வந்தால் கவலை இல்லை, போனிலேயே கிடைமட்டமாகத் திருப்பிவிடலாம். பாதி திரும்பி, பாதி திரும்பாமல் வருவதுதான் உதவாது.

எங்கள் வீட்டு நாய் நாட்டு நாய். என்ன செய்தாலும் ஷிபா இனு மாதிரியே வருகிறது.

இனத்தின் பெயரை எழுதினீர்களா? எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். இனப்பெயர் என்பது ஒரு பெரிய மூட்டை. கூர்மையான காது, பழுப்பு நிறம், சுருண்ட வால் என்று எழுதினால்கூட அந்த மூட்டை தானாக அவிழ்ந்துவிடும். உலகத்தில் அதிகம் படமெடுக்கப்பட்ட ஷிபா இனுவின் உப்பிய கன்னமும் அடர்ந்த முடியும் வந்து உட்கார்ந்துவிடும்.

இனத்துக்குப் பதிலாக உடலமைப்பை எழுதுங்கள்: ஒட்டிய குட்டை முடி, ஒடுங்கிய நீண்ட முகம், கன்னத்தில் சதை இல்லை, முகத்தைவிடப் பெரிதாகத் தெரியும் காது, மெலிந்த கழுத்து. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்கும் இதே வழிதான். பெயர் எழுதினால் பெரும்பாலும் ஐரோப்பிய கிரேஹவுண்ட் வந்துவிடும்.

முகபாவத்தைக் காப்பாற்றுவது எப்படி? "சோகமான கண்கள்" என்று எழுதினால் கார்ட்டூன் மாதிரி ஆகிவிடுகிறது.

உணர்ச்சியின் பெயரை எழுதாதீர்கள். "மகிழ்ச்சி" என்றால் வாய் திறந்து நாக்கு தொங்கும். "சோகம்" என்றால் கண் பெருத்து, ஈரம் மின்னும், சில நேரம் கண்ணீரே சொட்டும். அந்த உணர்ச்சியை முகத்தில் எந்தப் பகுதி காட்டுகிறது என்பதைத்தான் எழுத வேண்டும்.

நாய்க்கு அந்தப் பகுதி பெரும்பாலும் புருவத்தின் உள்முனை. அதைத் தூக்குவதற்கென்றே நாய்க்கு ஒரு தசை நன்றாக வளர்ந்திருக்கிறது. ஓநாயிடம் அந்த இடத்தில் சில இழைகள்தான் இருக்கின்றன என்று 2019இல் வெளியான உடற்கூறு ஆய்வு ஒன்று காட்டியது. சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கும்போது நம்மைக் கரைக்கிற பார்வை அங்கிருந்துதான் வருகிறது. மணியின் போட்டோவில் தலை கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, கண் மட்டும் மேலே பார்க்கிறது, புருவத்தின் உள்முனை உயர்ந்திருக்கிறது, கருவிழிக்குக் கீழே வெள்ளை பிறை மாதிரித் தெரிகிறது, வாய் மூடியிருக்கிறது, வெட்டுக் காது பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. இவ்வளவையும் எழுதிவிட்டால் "ஏக்கம்" என்ற வார்த்தையே தேவையில்லை.

பூனைக்குக் கணக்கு வேறு. முதலில் கருமணி: கோடாக இருக்கிறதா, வட்டமாக விரிந்திருக்கிறதா? அடுத்து மேல் இமை எவ்வளவு இறங்கியிருக்கிறது, காது முன்னாலா பக்கத்திலா, மீசை முன்னே நீண்டிருக்கிறதா கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா? பாதிக் கண் மூடி அலட்சியமாகப் பார்க்கிற பூனைக்கு வட்டக் கருமணி வந்துவிட்டால் அது வேறு பூனை. ஏஐ வட்டக் கருமணியையே விரும்பும், அழகாக இருக்கிறது என்று.

இன்னொன்று, கண்ணில் தெரியும் ஒளிப்புள்ளி. மூலப் படத்தில் எந்த இடத்தில், எத்தனை இருக்கிறதோ அப்படியே வைக்கச் சொல்லுங்கள். அது இடம் மாறினால் பார்வையின் திசையே மாறிய மாதிரி இருக்கும்.

சரி, முழு பிராம்ப்ட் ஒன்று காட்டுங்கள். தமிழிலேயே எழுதலாமா?

சாட்ஜிபிடி, ஜெமினி மாதிரி உரையாடிப் படம் செய்கிற கருவிகளில் தமிழிலேயே எழுதலாம். மணிக்கு இப்படி:

```
இணைத்துள்ள நாயைத் தஞ்சாவூர் ஓவியப் பாணியில் வரைக.
மாறக் கூடாதவை:
1. கண்களுக்கு நடுவில் நூலாகத் தொடங்கி, கீழே அகன்று,
   படத்தின் வலப்பக்கம் சாய்ந்து, மூக்குக்கு மேலேயே முடியும் வெள்ளைக் கோடு.
2. படத்தின் இடது காது நுனியில் வெட்டு. சரிசெய்யக் கூடாது.
3. கறுத்த மோவாய், ஒட்டிய குட்டை முடி, ஒடுங்கிய முகம்.
4. தாழ்ந்த தலை, மேலே பார்க்கும் கண், உயர்ந்த உட்புருவம், மூடிய வாய்.
மாறலாம்: பின்னணி, சட்டம், தூரிகைக் கோட்டின் தன்மை.
தங்கமும் கல்லும் சட்டத்திலும் பின்னணியிலும் மட்டும்.
நாயின் உடலில் எந்த அணியும் இல்லை. கண் நாயின் கண்ணாகவே இருக்க வேண்டும்.
```

"மாறலாம்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். மாற்ற ஓர் இடம் கொடுக்காவிட்டால், பாணி கேட்டதற்காக அது முகத்தில்தான் கைவைக்கும்.

கணினியில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5, எஸ்டிஎக்ஸ்எல் போன்றவற்றை ஓட்டுபவர்கள் ஆங்கிலத்தில், சுருக்கமாக எழுத வேண்டும். அவற்றின் எழுத்தைப் படிக்கும் பகுதி ஒரு நேரத்தில் 77 டோக்கன்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் அடையாளத்தை முன்னாலும் பாணியைப் பின்னாலும் வையுங்கள்.

தஞ்சாவூர் பாணி கேட்டால் நாய்க்குக் கிரீடமும் மாலையும் வந்துவிட்டது. எந்தப் பாணி பாதுகாப்பானது?

தஞ்சாவூர் ஓவியம் என்றாலே சாமி படம். ஏஐ கற்றது அதைத்தான், அதனால் கிரீடம், நகை, சில நேரம் மனித உடம்பு, மை தீட்டிய நீளக் கண் எல்லாம் சேர்ந்தே வரும். மேலே உள்ள பிராம்ப்டின் கடைசி இரண்டு வரிகளும் அதற்காகத்தான்.

பாணியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றே ஒன்று பாருங்கள்: உங்கள் நாயின் அடையாளத்தை அந்தப் பாணியால் காட்ட முடியுமா? மங்கலாகக் கலக்கும் ஓரங்கள் இருந்தால் நீர்வண்ணமும் பாஸ்டலும் ஒத்துழைக்கும். கூர்மையான கறுப்பு வெள்ளைத் திட்டு என்றால் மர அச்சு, லினோ அச்சு போன்றவை அருமையாக வரும். ஆனால் பழுப்பு, கறுப்பு, வெள்ளை என மூன்று நிறம் உள்ள விலங்கை இரண்டே நிறமுள்ள லினோவில் கேட்டால் ஒரு நிறம் போயே தீரும். அது ஏஐயின் தவறு இல்லை, அச்சிலேயே அவ்வளவுதான் முடியும். வரிப்பூனைக்குக் குறுக்குக்கோடு போட்டு நிழல் காட்டும் பேனா ஓவியம் வேண்டாம். எது நிழல், எது வரி என்று தெரியாது.

உயிரோடு இருக்கும் ஓவியர் ஒருவரின் பெயரைப் போட்டு அவர் பாணியைக் கேட்காதீர்கள். அது நியாயமும் இல்லை. அவருக்குப் பிடித்த முகத்தையும் சேர்த்து இழுத்து வரும். "தடித்த கோடு, தட்டையான நிறம், வெளிர் மஞ்சள் தாள்" என்று பொருளாகச் சொன்னால் கட்டுப்பாடு உங்கள் கையில் இருக்கும்.

ஸ்டேபிள் டிஃப்யூஷனில் எண் எவ்வளவு வைப்பது?

`Denoising strength` என்ற எண்தான் முக்கியம். 0 என்றால் போட்டோ அப்படியே, 1 என்றால் போட்டோவை மறந்துவிடும். 0.35 முதல் 0.55 வரை அடையாளம் பெரும்பாலும் நிற்கும், ஆனால் பாணி லேசாகத்தான் ஏறும். 0.6க்கு மேல் போகப் போக ஓவியம் அழகாகும், நாய் மாறும்.

பாணி இன்னும் வேண்டும் என்றால், போட்டோவின் அமைப்பைப் பிடித்துவைக்கும் `ControlNet` சேர்த்துக்கொண்டு எண்ணை உயர்த்தலாம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. `canny`, `lineart` வகைகள் கோட்டை மட்டுமே பிடித்துக்கொடுக்கும். திட்டின் எல்லை இருக்கும், எந்தப் பக்கம் வெள்ளை, எந்தப் பக்கம் பழுப்பு என்ற செய்தி இருக்காது. வெறும் எழுத்திலிருந்து படம் செய்யும் `txt2img` பக்கத்தில் இதைப் போட்டால் நிறம் தலைகீழாக வரலாம். `img2img` பக்கத்திலேயே போட்டால் நிறம் போட்டோவிலிருந்தும் கோடு இதிலிருந்தும் வரும். மங்கலான ஓரங்களை `canny` பிடிக்காது, அதற்கு `softedge`. வார்த்தைகளை மாற்றிப் பார்க்கும்போது `seed` எண்ணை மாற்றாமல் வையுங்கள், இல்லாவிட்டால் எது எதனால் மாறியது என்று தெரியாது.

மிட்ஜர்னியின் ஏழாம் பதிப்பில், போட்டோவில் இருக்கும் விலங்கைப் புதிய படத்துக்குக் கொண்டுவருவது `--oref`. அதன் அழுத்தம் `--ow`, 1 முதல் 1000 வரை, சொல்லாவிட்டால் 100.

மூவண்ணப் பூனை. திட்டுகள் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வருகின்றன.

மூவண்ணப் பூனையின் திட்டு எந்த விதிக்கும் கட்டுப்படாதது. செம்மஞ்சளா கறுப்பா என்பதைக் கரு வளரும்போது ஒவ்வொரு செல்லும் எந்த எக்ஸ் குரோமோசோமை அணைத்துவைக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது, அதுவும் தற்செயலாக. 2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பிறந்த முதல் குளோனிங் பூனை சிசி, மூவண்ணப் பூனை ஒன்றின் நகல். மரபணு ஒன்றுதான், ஆனாலும் மூலப்பூனை மாதிரி நிறம் வரவில்லை. மரபணுவுக்கே பிடிபடாததை "மூவண்ணப் பூனை" என்ற பெயர் காட்டிவிடாது.

எனவே வரைபடம் சொல்வதுபோல எழுதுங்கள். முகத்தை நடுவில் பிரித்து, படத்தின் இடப்பாதியில் என்ன நிறம், வலப்பாதியில் என்ன நிறம், எல்லை மூக்கின் எந்தப் பக்கம் இறங்குகிறது, மூக்கு இளஞ்சிவப்பா கறுப்பா இரண்டும் கலந்ததா, மோவாய் என்ன நிறம். உடம்பை விடுங்கள். கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

"காலர் வேண்டாம்" என்று எழுதினால் காலரோடு வருகிறது.

பழைய மாடல்களுக்கு "வேண்டாம்" சரியாகப் புரியாது, "காலர்" மட்டும் காதில் விழும். ஸ்டேபிள் டிஃப்யூஷனில் அதற்கென்று `Negative prompt` பெட்டி இருக்கிறது, அங்கே எழுதுங்கள். உரையாடல் கருவிகளில் இப்போது ஓரளவு கேட்கும். ஆனாலும் "கழுத்தில் வெறும் முடி மட்டும்" என்று இருப்பதைச் சொல்வது நிச்சயமானது. போட்டோவிலேயே காலர் இருந்து, அதில் போன் நம்பர் தொங்கினால், ஏற்றுவதற்கு முன்பே மறைத்துவிடுங்கள்.

ஒன்று சரி செய்தால் இன்னொன்று கெடுகிறது. நாலைந்து திருத்தத்துக்குப் பிறகு முகமே மாறிவிட்டது.

ஒவ்வொரு திருத்தத்திலும் முழுப் படமும் புதிதாக வரையப்படுகிறது, முந்தைய ஓவியத்தைப் பார்த்து. சின்னச் சின்ன நழுவல் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு திருத்தத்துக்குள் சரியாகவில்லை என்றால் அந்த உரையாடலை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். மூலப் போட்டோவை மறுபடி இணைத்து, கெட்டுப்போன விஷயத்தைப் பிராம்ப்டில் முதல் வரியாக்குங்கள். ஒரே ஓர் இடம்தான் தவறு என்றால், அந்த இடத்தை மட்டும் தேர்ந்து திருத்தும் வசதி உங்கள் கருவியில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? எனக்கு எல்லாமே நன்றாகத்தான் தெரிகிறது.

ஓவியம் அழகாக இருந்தால் கண் ஏமாறும். எந்தப் படத்திருத்தும் செயலியிலும் போட்டோவின் மேல் ஓவியத்தை வைத்து, பாதி ஒளிபுகும்படி ஆக்குங்கள். கண் இரண்டையும் பொருத்திவிட்டால், கோடு எங்கே நழுவியிருக்கிறது, காது எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பது உடனே தெரியும். கண்களுக்கு நடுவிலான தூரம்தான் அடிக்கடி கூடியிருக்கும். அதனால்தான் பல ஓவியங்களில் நாய் குட்டி மாதிரித் தெரிகிறது.

முகபாவத்துக்குச் சோதனை வேறு. ஓவியத்தை வாட்ஸ்அப் முகப்புப் படம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் அதே பார்வை தெரிந்தால் சரி. பிராம்ப்டைப் படிக்காத ஒருவரிடம், வீட்டிலேயே யாரிடமாவது, ஒன்றும் சொல்லாமல் காட்டுவதும் நல்லது.

எங்கள் நாய் இப்போது இல்லை. மங்கலான ஒரே ஒரு போட்டோதான் இருக்கிறது.

செய்யலாம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு. மங்கலான கண்ணை ஏஐ கூர்மையாக்கினால், அந்தக் கண் அதன் கற்பனை. அதனால் முகத்தை நெருக்கமாகக் கேட்காமல் முழு உருவமாக, உட்கார்ந்திருக்கும் நிலையில், விவரம் குறைவான பாணியில் கேளுங்கள். அகன்ற தூரிகை, கரிக்கோல், நிழலுருவம் எல்லாம் ஏற்றவை. அடையாளங்களை வீட்டில் எல்லோரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேறு யாரோ எடுத்த படத்தின் ஓரத்தில் வால் மட்டும் தெரிந்தாலும் அதையும் இரண்டாவது படமாக இணைக்கலாம்.

பெரிதாக அச்சடித்து மாட்ட வேண்டும். அப்படியே கடையில் கொடுக்கலாமா?

1024க்கு 1024 பிக்சல் படம், 300 டிபிஐயில் ஏறக்குறைய 8.7 செ.மீ. தான் வரும். ஏ4 அளவுக்கு 2480க்கு 3508 வேண்டும். பெரிதாக்கும் கருவிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று இருப்பதை விரிக்கும், இன்னொன்று இல்லாத முடியையும் தூரிகைத் தடத்தையும் புதிதாகச் சேர்க்கும். இரண்டாவது வகை கூட்டுகிற முடி, மோவாயின் நரையையும் காதின் வெட்டையும் மூடிவிடக்கூடும். "படைப்பாற்றல்" என்ற பெயரில் ஓர் அளவுகோல் இருந்தால் அதை மிகக் குறைவாக வையுங்கள். பெரிதாக்கிய பிறகு, மேலே சொன்ன மாதிரி போட்டோவின் மேல் வைத்து இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கடைக்குக் கொடுங்கள்.